நன்மை தீமை கட்டுரை: ரெண்டு பக்கமும் எழுதியாச்சு, நிலைப்பாடு மட்டும் நிக்க மாட்டேங்குது

திருமங்கலம்_கவி

வணக்கம். அடுத்த மாசம் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதுறேன். எழுத்துத் தேர்வோட ரெண்டாவது பகுதியில நன்மை தீமை கேள்வி வந்தா ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல மாட்டிக்கிறேன். பயிற்சிக்கு எடுத்த கேள்வியைத் தமிழ்ல சொல்றேன்:

"பல நகரங்களில் மையப் பகுதித் தெருக்களுக்குள் தனியார் வாகனங்கள் நுழையத் தடை விதிக்கப்படுகிறது. இதன் நன்மைகள் தீமைகளை விஞ்சுகின்றனவா?"

நான் போட்ட திட்டம் இதுதான்:

நன்மை: புகை குறையும், விபத்து குறையும், சத்தம் குறையும்.
தீமை: வியாபாரம் படுத்துடும், வயசானவங்களுக்குச் சிரமம், வெளித் தெருக்கள்ல வண்டி நிறுத்த இடம் இருக்காது.
முடிவு: ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, அரசு யோசிச்சு செய்யணும்.

290 வார்த்தை வந்துச்சு. இலக்கணப் பிழை அதிகம் இல்ல. ஆனா திருத்தினவங்க "நிலைப்பாடு எங்கே?"ன்னு மட்டும் எழுதிக் கொடுத்துட்டாங்க. கடைசியில ஒரு வரி சேர்த்தா போதுமா, இல்ல திட்டமே தப்பா?

நாற்பது_நிமிடம்

திட்டம் சரியாத்தான் இருக்கு கவி. மூணுக்கு மூணு, நடுநிலையா இருக்கு. முடிவுரையில "என் கருத்துப்படி நன்மைகளே அதிகம்"னு ஒரு வரி போட்டா முடிஞ்சது. ஆனா முன்னுரையில அதைச் சொல்லிடாதீங்க. முதல்லயே ஒரு பக்கம் சாய்ஞ்சுட்டா ரெண்டு பக்கமும் பார்க்காத மாதிரி ஆகிடும். பட்டிமன்றத்துல நடுவர் தீர்ப்பைக் கடைசியிலதானே சொல்வார்?

தல்லாகுளம்_டீச்சர்

கவி, ஒரு வரி சேர்த்தால் போதாது. காரணம் உங்கள் திட்டத்திலேயே இருக்கிறது.

முதலில் கேள்வியைப் பாருங்கள். நன்மை தீமை என்று வருகிற கேள்வியில் இரண்டு வகை உண்டு. "நன்மைகள் என்ன, தீமைகள் என்ன?" என்று மட்டும் கேட்டால் இரண்டையும் விளக்கினால் போதும், தீர்ப்பு யாரும் கேட்கவில்லை. "விஞ்சுகின்றனவா?" என்று கேட்டால் அது எடை போடச் சொல்கிற கேள்வி. நீங்கள் முதல் வகைக்கான திட்டத்தைப் போட்டுவிட்டு இரண்டாம் வகைக்கு விடை எழுதியிருக்கிறீர்கள்.

எடை போடுவது என்றால் என்ன என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். நம் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் உதிரி மல்லியைக் கிலோவில் விற்பார்கள். கோயில் வாசலில் கட்டிய பூவை முழத்தில் விற்பார்கள். "இரண்டு கிலோவா, பத்து முழமா, எது அதிகம்?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது, இரண்டையும் ஒரே தராசில் போட்டால்தான் தெரியும். உங்கள் பட்டியலில் "புகை குறையும்" என்பது கிலோ, "வியாபாரம் படுத்துவிடும்" என்பது முழம். இவற்றை எதை வைத்து ஒப்பிட்டீர்கள்? எதை வைத்தும் இல்லை. அதனால்தான் முடிவுரைக்கு வந்ததும் "ரெண்டும் இருக்கு" என்று கை விரிக்க வேண்டியதாயிற்று. அந்த இடத்தில் "நன்மையே அதிகம்" என்று ஒரு வரியை ஒட்டினால், அது முந்தைய பத்திகளில் இருந்து வராது. படிக்கிறவருக்கு அது உடனே தெரியும்.

ஆகவே பட்டியல் போட்ட பிறகு, எழுதத் தொடங்கும் முன்னால், ஒரு பொது அளவுகோலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தத் தேர்வுக் கேள்விகளுக்கு நான்கு அளவுகோல்களில் ஏதாவது ஒன்று அநேகமாகப் பொருந்தும். பாதிப்பு எத்தனை பேருக்கு? எவ்வளவு காலத்துக்கு? எவ்வளவு கடுமையானது, உயிர் போகிற விஷயமா, அசௌகரியமா? வேறு வழியில் சரிசெய்ய முடியுமா, முடியாதா? நான்கையும் எடுக்காதீர்கள். ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு.

உங்கள் தலைப்புக்கு நான் கடைசி அளவுகோலை எடுப்பேன். நெருக்கமான தெருவில் வண்டிகள் விடும் புகையை மூச்சில் இழுக்காமல் நடக்க வேறு வழி இல்லை. வயதானவர்களின் சிரமத்துக்கு வழி இருக்கிறது: பேட்டரி வண்டி விடலாம், சக்கர நாற்காலி கொடுக்கலாம். ஆக ஒரு பக்கம் தடை இல்லாமல் தீராத பிரச்சினை. மறு பக்கம் தடை இருந்தாலும் தீர்க்கக்கூடிய பிரச்சினை. நிலைப்பாடு இந்த ஒப்பீட்டிலிருந்து தானாக வருகிறது, தனியாக ஒட்ட வேண்டியதில்லை.

நாற்பது_நிமிடம் சொன்ன பட்டிமன்ற உவமை எனக்குப் பிடித்திருக்கிறது, ஒரு வித்தியாசத்தோடு. பட்டிமன்றத்தில் கேட்கிறவர்கள் தீர்ப்புக்காகக் காத்திருப்பதில் சுவை இருக்கிறது. தேர்வாளருக்கு அந்தச் சுவை தேவையில்லை. நிலைப்பாடு கட்டுரை முழுக்கத் தெளிவாக இருக்கிறதா என்பதையும் மதிப்பிடுகிறார்கள். கடைசி இரண்டு வரியில் மட்டும் அது தலைகாட்டினால், நடுவில் இருக்கிற இரண்டு பத்தியும் எதை நோக்கிப் போகின்றன என்று அவருக்குத் தெரியாது.

நாற்பது_நிமிடம்

டீச்சர், முன்னுரையில நிலைப்பாடு சொல்லலாம்னு ஏத்துக்கிறேன். ஆனா முதல்லயே "நன்மைதான் அதிகம்"னு சொல்லிட்டா நிறைய பேர் தீமையை ஒப்புக்குத் தொட்டுட்டு விட்டுடுறாங்களே? மூணு பத்தி நன்மை, அரை வரி தீமை. அதுக்கும் மார்க் குறையும்தானே?

தல்லாகுளம்_டீச்சர்

குறையும். அது நீங்கள் சரியாகப் பிடித்த இடம். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிப் பத்தி கட்டாயம் வேண்டும். ஆனால் சமமாக இருக்க வேண்டியதில்லை. 270 வார்த்தை என்று வைத்தால் முன்னுரைக்கு 45, எதிர்ப்பக்கப் பத்திக்கு 80, உங்கள் பக்கப் பத்திக்கு 110, முடிவுரைக்கு 35. ஜெயிக்கிற பக்கம் கொஞ்சம் கனமாக இருப்பது இயல்பு.

மூன்றுக்கு மூன்று என்கிற கணக்கை மட்டும் விட்டுவிடுங்கள். 80 வார்த்தையில் மூன்று தீமைகளை அடைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை வாக்கியம்தான் கிடைக்கும். அது பெயர்ப்பட்டியல், விளக்கம் இல்லை. எதிர்ப்பக்கத்துக்கு ஒரு குறை, அதுவும் இருப்பதிலேயே வலுவான குறை. உங்கள் பக்கத்துக்கு இரண்டு காரணம். இதற்கு மேல் இந்த அளவில் இடம் இல்லை.

கீழமாசி_மளிகை

இங்க என்ன பேசுறீங்கன்னு முழுசா புரியல, ஆனா வண்டியை நிறுத்துனா நன்மைன்னு எழுதுறவங்க ஒரு தடவை கீழமாசி வீதிக்கு வந்து பாருங்க. சித்திரை வீதியில வண்டி விடாம இருக்கலாம், அங்க பக்தர் நடந்து வர்றாங்க, பொம்மை, வளையல் விக்கிற கடைக்கு அது நல்லதுதான். மாசி வீதி அப்படியா? இங்க மொத்த வியாபாரம். பருப்பு, சீனி எல்லாம் மூட்டை மூட்டையா வருது. ஒரு மூட்டை 50 கிலோ. உசிலம்பட்டியில இருந்தும் மேலூர்ல இருந்தும் சில்லறைக் கடைக்காரங்க குட்டியானை எடுத்துட்டு வந்து ஏத்திட்டுப் போறாங்க. வண்டியை வெளி வீதியிலயே நிறுத்திட்டா மூட்டையைத் தள்ளுவண்டியில தள்ளணும். லோடுமேன் கூலி ஒரு தடவைக்கு ரெண்டு தடவை ஆகும். அந்தக் கூலி யார் தலையில விழும்? பருப்பு வாங்குற ஜனத்து தலையிலதான். உங்க டீச்சர் பேட்டரி வண்டி விடலாம்னு எழுதியிருக்காங்க. பேட்டரி வண்டியில பருப்பு மூட்டை ஏத்துவீங்களா? இந்தத் தடையெல்லாம் கொண்டு வராதீங்க.

நாற்பது_நிமிடம்

அண்ணே, இங்க யாரும் தடை கொண்டு வரல. இது இங்கிலீஷ் பரீட்சைக்கான கேள்வி.

தல்லாகுளம்_டீச்சர்

கவி, மேலே அண்ணன் எழுதியதை விட்டுவிடாதீர்கள். கேள்வியை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாலும், உங்கள் திட்டத்தில் இல்லாத ஒன்றைக் கொடுத்திருக்கிறார். என் பதிலில் இருந்த ஓட்டையையும் காட்டியிருக்கிறார்.

நீங்கள் எழுதியது "வியாபாரம் படுத்துடும்". ஏன் படுக்கும், யாருக்குப் படுக்கும் என்று கேட்டால் உங்கள் வரியில் பதில் இல்லை. அவர் சொன்னதில் சங்கிலி முழுசாக இருக்கிறது: தடை வந்தால் சரக்கு வண்டி உள்ளே வராது, மூட்டையை இரண்டு முறை இறக்கி ஏற்ற வேண்டும், கூலி கூடும், அது விலையில் சேரும், கடைசியில் ஊருக்கு வெளியே இருக்கிற வாடிக்கையாளர் கொடுப்பார். இந்தச் சங்கிலியை மூன்று வாக்கியத்தில் எழுதினால் 80 வார்த்தைப் பத்தி நிறைந்துவிடும். ஒரு குறையை முழுசாக விளக்குவது என்றால் இதுதான்.

இரண்டாவது, அவர் வித்தியாசம் காட்டினார்: சில்லறைக் கடைக்கு நடந்து வருகிறவர்களால் லாபம், மொத்தக் கடைக்கு வண்டி இல்லாமல் நஷ்டம். "வியாபாரம்" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு எதிரெதிர் விளைவுகள் இருக்கின்றன. திட்டத்தில் பொதுச்சொல் போடும்போதெல்லாம் "யாருடைய?" என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பாதிப் பொதுச்சொற்கள் அங்கேயே உடைந்துவிடும்.

மூன்றாவது, "தீமைகளுக்கு எல்லாம் வழி இருக்கிறது" என்று நான் எளிதாகச் சொல்லிவிட்டேன். முதியவர்களுக்குப் பொருந்துவது மூட்டைக்குப் பொருந்தவில்லை. எதிர்ப்பக்கத்தில் பலவீனமான குறையை எடுத்து அதைத் தட்டிவிட்டால் தராசு பொய் சொல்லும். வலுவான குறையை எடுத்து, அதற்குப் பிறகும் உங்கள் பக்கம் கனமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லை என்றால் நிலைப்பாட்டை மாற்ற வேண்டும். திட்டம் போடும் நேரத்தில் மாற்றுவதற்குச் செலவு இல்லை, ஒரு கோடு அடித்தால் போதும். முதல் பத்தி எழுதிய பிறகு மாற்றினால் கட்டுரை இரண்டாக உடையும்.

கீழமாசி_மளிகை

பரீட்சைக்கா. சரிம்மா. அப்ப இதையும் எழுதுங்க, ராத்திரி பத்து மணிக்கு மேல, காலையில கடை திறக்குறதுக்கு முன்னாடி சரக்கு வண்டியை விட்டா எங்களுக்குப் பாதிப் பிரச்சினை இல்ல. மீதிப் பாதி, வாங்குறவங்க பகல்லதான் வருவாங்க.

ஊமச்சிகுளம்_ஜெனி

எனக்கும் இதே பிரச்சினைதான். தலைப்பு: வீட்டிலிருந்தே வேலை செய்வதன் நன்மைகள் தீமைகளை விஞ்சுகின்றனவா. ரெண்டு பத்தியும் நல்லா எழுதிட்டு முடிவுல "இது ஒவ்வொருவரின் சூழ்நிலையைப் பொறுத்தது"ன்னு போட்டேன். அதுதானே உண்மை? குழந்தை இருக்கிறவங்களுக்கு நல்லது, புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்களுக்கு நல்லதில்ல. உண்மையை எழுதினதுக்கா மார்க் குறைச்சாங்க?

தல்லாகுளம்_டீச்சர்

ஜெனி, உண்மைக்கு மார்க் குறைக்கவில்லை, பதில் பாதியில் நின்றதால் குறைத்திருப்பார்கள். "சூழ்நிலையைப் பொறுத்தது" என்பது எடை போடுவதற்கு முந்தைய படி. உங்கள் வாக்கியத்திலேயே இரண்டு குழு இருக்கிறது. அதை வைத்து மேலே போங்கள்: புதிதாகச் சேர்ந்தவரின் இழப்பு எவ்வளவு காலம்? வேலை பழகும் வரை. குழந்தை வளர்க்கிறவரின் லாபம் எவ்வளவு காலம்? பல ஆண்டுகள். இப்போது காலம் என்ற அளவுகோல் கிடைத்துவிட்டது. "தொடக்கத்தில் கற்றுக்கொள்வது தடைப்பட்டாலும், அந்த இழப்பு குறுகிய காலத்தது, குடும்பத்துக்குக் கிடைக்கும் நேரம் நீண்ட காலத்தது, ஆகவே நன்மையே மேலோங்குகிறது." நீங்கள் கண்டுபிடித்த இரண்டு உண்மைகளும் இதில் இருக்கின்றன, தீர்ப்பும் இருக்கிறது.

இதே பொருளை வைத்துத் தீமைதான் அதிகம் என்றும் எழுதலாம், அளவுகோலை மாற்றினால் போதும். எந்தப் பக்கம் சாய்ந்தீர்கள் என்பதற்கு மார்க் இல்லை.

பழங்காநத்தம்_பாண்டி

தாமதமா வர்றேன். பல வருஷமா இந்தத் தேர்வுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். டீச்சர் சொன்னதுல பெரும்பாலானது சரி. ஒரு இடத்துல மட்டும் எச்சரிக்கை வேணும். மளிகைக் கடை அண்ணன் சொன்ன ராத்திரி சரக்கு வண்டி யோசனையைப் பார்த்ததும் கவி நிச்சயம் "இரவில் சரக்கு வண்டிகளை அனுமதித்தால் நன்மைகளே அதிகம்"னு எழுதப் போறார். அது நிபந்தனை நிலைப்பாடு. கேள்வி நிபந்தனை இல்லாத தடையைப் பத்தி. நீங்க கேள்வியை உங்களுக்கு வசதியா மாத்திக்கிட்டு அதுக்குப் பதில் சொல்றீங்க. நான் மாணவர்கள்கிட்ட நேரா ஒரு பக்கம் நில்லுங்கன்னுதான் சொல்வேன்.

தல்லாகுளம்_டீச்சர்

பாண்டி சார், கேள்வியை இன்னொரு முறை பாருங்கள். தடை "தனியார் வாகனங்கள்" என்று இருக்கிறது, எந்த நேரம், எந்த வண்டி என்று இல்லை. அது திறந்த சொல். அதை எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டு, அதே நிபந்தனையை அதே வார்த்தையில் முடிவுரையிலும் வைத்தால் அது ஏமாற்று இல்லை. நிபந்தனை முடிவுரையில் முதல் முறையாக முளைத்தால்தான் தப்பு.

பழங்காநத்தம்_பாண்டி

நல்லா எழுதுறவங்களுக்கு அது சரி. நடுத்தரமா எழுதுறவங்க நிபந்தனைக்கு மேல நிபந்தனையா அடுக்கி, கடைசியில நிலைப்பாடே காணாமப் போறதைத்தான் தாள்கள்ல பார்க்கிறேன். இதுல நம்ம ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகாது போல. கவி, ரெண்டு விதமாவும் ஒரு தடவை எழுதிப் பாருங்க, உங்க கைக்கு எது நிக்குதோ அதை எடுத்துக்கங்க.

இன்னொரு விஷயம் யாரும் சொல்லல: நேரம். எழுத்துத் தேர்வு மொத்தம் 60 நிமிஷம். முதல் பகுதியை விட ரெண்டாவதுக்கு ரெண்டு மடங்கு மதிப்பு, அதனால 40 நிமிஷம் இதுக்குன்னு ஒதுக்கணும். அதுல 8 நிமிஷம் திட்டம். முதல் 1 நிமிஷம் கேள்வி வகை. அடுத்த 3 நிமிஷம் பட்டியல், மனசுல வர்றதெல்லாம் ரெண்டு பக்கமும். அடுத்த 2 நிமிஷம் அடிக்கிறது: எதிர்ப்பக்கம் ஒண்ணு, நம்ம பக்கம் ரெண்டு மட்டும் மிச்சம் வைக்கணும். கடைசி 2 நிமிஷத்துல தீர்ப்பு வாக்கியம் ஒண்ணு, முழு வாக்கியமா, ஆங்கிலத்துலயே எழுதிடணும். "ஆல்தோ" போட்டு எதிர்ப்பக்கம், அப்புறம் நம்ம பக்கம், "பிகாஸ்" போட்டு அளவுகோல். அந்த ஒரு வாக்கியம் வரலைன்னா எழுத ஆரம்பிக்காதீங்க, பட்டியலுக்குத் திரும்பிப் போங்க. பிறகு 27 நிமிஷம் எழுத, 5 நிமிஷம் படிச்சுப் பார்க்க.

திருமங்கலம்_கவி

எல்லாருக்கும் நன்றி. மளிகைக் கடை அண்ணனுக்குத் தனியா. இப்ப மறுபடி போட்ட திட்டம்:

தீர்ப்பு வாக்கியம்: மொத்த வியாபாரிகளுக்குச் சரக்குக் கூலி கூடினாலும், தடையின் நன்மைகளே மேலோங்குகின்றன, ஏனெனில் கூலிச் சுமையை நேரம் ஒதுக்கிக் குறைக்கலாம், நெரிசலான தெருவில் நடப்பவர் சந்திக்கும் ஆபத்தை வேறு வழியில் குறைக்க முடியாது.

பத்தி 1 (எதிர்ப்பக்கம்): சரக்கு வண்டி, இரட்டைக் கூலி, விலை ஏற்றம். கடைசி வாக்கியம்: இரவு நேர அனுமதியால் இது குறையும், முழுசாகத் தீராது.

பத்தி 2 (என் பக்கம்): நடப்பவர் பாதுகாப்பு. எங்க ஊர் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுத்தி இருக்கிற சித்திரை வீதி உதாரணம். அடுத்து, நடந்து வர்றவங்க நின்னு வாங்குறதால சின்னக் கடைகளுக்கு லாபம்.

முடிவுரை: தீர்ப்பு வாக்கியம் வேற வார்த்தையில. அதோட சுற்றுலாவும் வளரும்னு சேர்க்கலாமா?

தல்லாகுளம்_டீச்சர்

"முழுசாகத் தீராது" என்று ஒப்புக்கொண்டது நல்ல முடிவு. எதிர்ப்பக்கத்தை மதித்து எழுதியது அதில் தெரியும்.

சுற்றுலாவை முடிவுரையில் சேர்க்காதீர்கள். அங்கே வரும் புதுச்சரக்கை எடை போட உங்களிடம் இடம் மிச்சமில்லை. வேண்டுமென்றால் பத்தி 2-ல் சின்னக் கடை லாபத்துக்குப் பதிலாக வையுங்கள், கூடுதலாக வேண்டாம்.

சித்திரை வீதி உதாரணத்தில் பெயரை விட விவரம் முக்கியம். தேர்வாளர் மதுரையைப் பார்த்திருக்க மாட்டார். "என் ஊரில் ஒரு பெரிய கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வண்டிகள் வராததால் குடும்பங்கள் குழந்தைகளின் கையை விட்டு நடக்கின்றன" என்று எழுதினால் புரியும். ஆதாரம் போல் காட்ட எண்களைக் கற்பனை செய்து போடாதீர்கள், இந்த உதாரணத்துக்கு எண் தேவையே இல்லை.

பழங்காநத்தம்_பாண்டி

பத்தி 2-ல ரெண்டாவது காரணத்தைப் பாருங்க கவி. தீர்ப்பு வாக்கியத்துல அளவுகோல் "வேறு வழியில் தீர்க்க முடியுமா". சின்னக் கடை லாபம் அந்த அளவுகோல்ல வரவே இல்ல. வண்டியை நிறுத்தாமலும் கடைக்கு ஆள் வர வைக்கலாமே? அதை எடுத்துட்டு, உங்க பழைய பட்டியல்ல இருந்த புகையைப் போடுங்க. குறுகலான தெருவுல புகைக்கு வேற வழி இல்லைன்னு டீச்சர் முதல்லயே சொன்னாங்க, அது அதே தராசுல நிக்கும்.

திருமங்கலம்_கவி

ஆமா, அது ஒட்டாம இருந்தது எனக்கே தெரிஞ்சது, ஏன்னு புரியல. சுற்றுலாவையும் அதே காரணத்துக்காக விட்டுடறேன். புகையைப் போட்டு இன்னைக்கு ராத்திரி 40 நிமிஷம் வச்சு எழுதிட்டு இங்கயே போடுறேன். நிபந்தனை வச்சு ஒண்ணு, வைக்காம ஒண்ணு.

கீழமாசி_மளிகை

வைக்காம எழுதுறதுல லோடுமேன் கூலியை விட்டுடாதம்மா.